பருவச்சீட்டும் நாட்காட்டியும்

கொட்டாஞ்சேனையில் நமக்கு நெடுநாட் பழக்கமான ஒரு குடும்பம் உண்டு. தந்தையார் எழுபது வயதைக் கடந்தவர். ஓய்வு பெற்ற எழுதுவினைஞர். மூத்த மகள் நம்மிடம் கல்லூரியிற் பயின்றவள். இப்போது வெள்ளவத்தையில் ஓரிடத்திற் கணக்கெழுதும் உத்தியோகம் பார்க்கிறாள். இளையவன் பாடசாலை மாணவன். வீட்டின் செலவு அனேகமாக அம் மூத்தவளின் சம்பளத்திலேயே நடக்கிறது.

ஒவ்வொரு மாத முடிவிலும் தந்தையார் ஒரு கடமையைத் தவறாமற் செய்துவந்தார். காலையிலேயே குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, வரிசையில் நின்று, மகளுக்குப் புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை செல்லும் இ.போ.ச. பஸ்ஸுக்கான பருவச்சீட்டை வாங்கி வந்து அவள் கையிற் கொடுப்பார். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டை வரை அவள் பெரும்பாலும் நடந்தே செல்பவளாதலால், சீட்டு அதற்கப்பாலுள்ள தூரத்துக்கு மட்டுமே. "தம்பி, இந்தச் சீட்டினால் மாதம் ஆயிரம் ரூபாவுக்கு மேல் மிச்சம்" என்று நம்மிடம் பலமுறை பெருமையுடன் கூறியிருக்கிறார்.

2025 ஏப்ரல் மாதக் கடைசியில் அப்பெண் நம்மைத் தனியே சந்தித்து, "சேர், அப்பா வாங்கித் தருகிற சீட்டினால் உண்மையில் இலாபந்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவரிடம் கேட்க மனம் வரவில்லை" என்றாள். கணக்கு எழுதுகிறவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதென்றால் அதை அலட்சியம் செய்வது தகாது. ஆகவே அவள் கதையையே இவ்வார விஷயமாக எடுத்துக்கொள்கிறோம். காலி வீதியில் நாள்தோறும் பிரயாணம் செய்யும் நம் வாசகர் பலருக்கு இது பயன்படக்கூடும்.

முதலில் தந்தையாரின் கணக்கைப் பார்ப்போம். கட்டணங்கள் ஆண்டுக்காண்டு மாறுவன. 2022 ஜூலையில் 40 ரூபாவாக உயர்ந்த ஆகக் குறைந்த பஸ் கட்டணம், பின்னர் படிப்படியாக இறங்கி 2025 ஜூலையில் 27 ரூபாவாக இருந்தது. எனவே இங்கே கணக்கு எளிதாகும்பொருட்டு ஒற்றைச் சீட்டு 50 ரூபா என்றும், மாதச் சீட்டு 1,500 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். வாசகர்கள் அவ்விடங்களில் தத்தம் தொகைகளைப் போட்டுப் பார்க்கலாம், வழி ஒன்றே.

"மாதத்தில் இருபத்தாறு வேலை நாள். நாளொன்றுக்குப் போக ஒன்று, வர ஒன்று. ஆக 52 பயணம். ஐம்பது ரூபா வீதம் 2,600 ரூபா. சீட்டின் விலை 1,500. மிச்சம் 1,100" என்பது தந்தையாரின் கணக்கு. பெருக்கலிலும் கழித்தலிலும் பிழை இல்லை. ஆனால் அக் கணக்கின் முதல் எண்ணாகிய 52 எங்கிருந்து வந்தது? அதை அவர் எண்ணிப் பார்த்து எழுதவில்லை, நினைத்து எழுதினார். பருவச்சீட்டுக் கணக்குகள் கெட்டுப்போவது இந்த ஓரிடத்திலேதான்.

மாதச் சீட்டின் விலையை ஒற்றைச் சீட்டின் விலையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். 1,500ஐ 50ஆல் வகுத்தால் 30. இதைச் சமநிலை எண் என்று அழைக்கலாம். முப்பது பயணம் செய்தால் இலாபமுமில்லை, நட்டமுமில்லை. முப்பத்தோராவது பயணத்திலிருந்தே இலாபம் தொடங்கும். இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். நாம் உண்மையிற் செய்யும் பயணங்கள் எத்தனை என்பதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு மாதம் வேண்டும்.

ஆகவே நாம் அப்பெண்ணிடம் ஒன்றே ஒன்று சொன்னோம். கைப்பைக்குள் அடங்கும் சிறு நாட்காட்டி ஒன்றை வைத்துக்கொள். பஸ்ஸிலிருந்து இறங்கியவுடன் குறித்துவிடு. இ.போ.ச. பஸ்ஸில் வந்தால் சிவப்புக் கோடு. தனியார் பஸ்ஸில் வந்தால் நீலக் கோடு. வேறு விதமாக வந்தால் ஒரு புள்ளி. இரவில் நினைவுபடுத்தி எழுதாதே. நினைவு நமக்குச் சாதகமாகவே பேசும். அப்பா வாங்கித் தந்த சீட்டையும் வழக்கம்போலவே பயன்படுத்து. உன் பழக்கத்தில் எதையும் மாற்றாதே. இவ்வளவுதான்.

சிவப்புக்கும் நீலத்துக்கும் வேறுபாடு எதற்கு என்று வெளியூர் வாசகர் வினவலாம். காலி வீதியில் நூறாம் இலக்க வழியிலும் நூற்றோராம் இலக்க வழியிலும் இரு வகைப் பஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. கட்டணம் ஒன்றே, வழியும் ஒன்றே. ஆயினும் இ.போ.ச. வழங்கும் பருவச்சீட்டு இ.போ.ச. வண்டியில் மாத்திரமே செல்லும். தனியார் பஸ்ஸில் ஏறினால், சீட்டு கைப்பைக்குள் இருக்கும்போதே மறுபடியும் காசு கொடுக்க வேண்டும்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசிய மயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. அதன் பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வீதியில் ஓடிய பொதுப் பஸ் யாவும் அச்சபையுடையதே. 1979இலேதான் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. நம் கொட்டாஞ்சேனைப் பெரியவர் முதன்முதல் உத்தியோகத்துக்குச் சென்றது அந்த இருபது ஆண்டுக்குள். அன்று கையிற் பருவச்சீட்டு இருந்தால் முன்னால் வந்து நிற்கும் எந்தப் பஸ்ஸிலும் ஏறலாம். நாளை எண்ணினாற் போதும், வண்டியை எண்ணத் தேவையில்லை. அவர் கணக்கு அன்றைக்குச் சரியான கணக்கு. வீதி மாறியது; கணக்கு மாறவில்லை.

இனி மே மாதத்துக்கு வருவோம். அவளுக்குச் சனிக்கிழமை அரை நாளும் வேலை உண்டு. 2025 மே மாதத்தில் திங்கள் முதல் வெள்ளி வரையான நாள்கள் 22, சனிக்கிழமைகள் 5, ஆக 27. அவற்றில் முதலாந் திகதி மே தினம். பன்னிரண்டாந் திகதி வெசாக் பூரணை; பதின்மூன்றாந் திகதி அதற்கு மறுநாள் விடுமுறை. இம்மூன்றும் வார நாள்களிலேயே வந்தமையால் வேலை நாள் 24 ஆயிற்று. பூரணைதோறும் விடுமுறை அளிக்கும் நம் நாட்டில் "மாதம் இருபத்தாறு நாள்" என்ற கணக்கு பல மாதங்களில் பொய்த்துப்போவது இயல்பே. நாட்காட்டியை ஒருமுறை பார்த்த மாத்திரத்திலேயே 52 என்பது 48 ஆகக் குறைந்துவிட்டது.

அம்மாதத்தில் தந்தையாரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதற்காக அவள் இரண்டு நாள் லீவு எடுத்தாள். எஞ்சியது 22 நாள், 44 பயணம். சனிக்கிழமை மத்தியானங்களில் வெள்ளவத்தையிற் கடை வைத்திருக்கும் தாய்மாமன் தம் வானில் அவளை வீட்டில் விட்டுச் செல்வார். அந்த ஐந்து பயணமும் போக, பஸ்ஸிற் செய்தவை 39.

இந்த முப்பத்தொன்பதையும் பருவச்சீட்டுக்கு உரியவை என்று கொண்டால், அப்போதும் இலாபந்தான். ஆனால் நாட்காட்டியின் நிறங்கள் வேறு கதை சொல்லின. காலைப் பயணம் 22இல் சிவப்பு 9, நீலம் 13. மாலைப் பயணம் 17இல் சிவப்பு 12, நீலம் 5. ஆகச் சிவப்பு 21 மாத்திரமே.

காலையில் ஏன் இவ்வளவு குறைவு? அவள் வேலை செய்யும் இடத்தில் தாமதமாகச் சென்றால் சம்பளத்திற் கழிப்பார்கள். புறக்கோட்டையில் நிற்கும்போது முதலில் எது புறப்படுகிறதோ அதில் ஏறிவிடுவாள். கையிலே சீட்டு இருக்கிறதே என்று இ.போ.ச. வண்டிக்காகக் கால் மணி நேரம் காத்திருந்து, நாற்பது ரூபா கழிப்புக்கு ஆளாவதில் என்ன இலாபம்? மாலையில் அந்த அவசரம் இல்லை, காத்திருக்கலாம். சீட்டு வாங்கும்போது இந்த அவசரம் எவருடைய கணக்கிலும் வருவதில்லை.

இப்போது முழுக் கணக்கையும் போடுவோம். சீட்டின் விலை 1,500. அதற்கு மேல் தனியார் பஸ்ஸுக்குக் கொடுத்தது 18 தடவை, 50 ரூபா வீதம் 900. மொத்தச் செலவு 2,400 ரூபா. பருவச்சீட்டே வாங்காமல் முப்பத்தொன்பது தடவையும் ஒற்றைச் சீட்டு எடுத்திருந்தால் 1,950 ரூபா. ஆகவே, ஆயிரத்து நூறு ரூபா மிச்சம் என்று எண்ணியிருந்த வீட்டில் 450 ரூபா மாதந்தோறும் கசிந்துகொண்டிருந்தது. அக்கசிவு கண்ணுக்குப் படவில்லை. ஏனெனில் 1,500 ரூபாவைக் கொடுத்தவர் தந்தை. 900 ரூபாவைச் சில்லறையாகக் கொடுத்தவள் மகள். இரண்டையும் ஒரு தாளில் எவரும் கூட்டிப் பார்க்கவில்லை.

மே மாத முடிவில் நாம் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது அவள் அந்த நாட்காட்டியைத் தந்தையார் முன் வைத்தாள். பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை நாளும் நீ தனியாகக் காசு கொடுத்துத்தான் போனாயா? ஏன் பிள்ளை எனக்குச் சொல்லவில்லை?" என்றார்.

"நீங்கள் வெயிலில் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வருகிறீர்கள், அப்பா. அதை எப்படிச் சொல்வது?" என்றாள் அவள்.

பெரியவர் எளிதில் விட்டுக்கொடுப்பவர் அல்லர். நம் பக்கம் திரும்பி மூன்று நியாயங்களைக் கூறினார். மூன்றும் பலர் கூறுவனவே. ஆதலால் அவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, "ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் சீட்டோடு வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வந்தாளே, அதைச் சேர்க்கவில்லையே" என்பது. மே மாதத்தில் இரண்டு ஞாயிறு அவ்வாறு சென்றாள், நான்கு பயணம். சீட்டு இல்லாவிட்டால் அவற்றுக்குக் காசு கொடுத்துப் போயிருப்பாளா என்று கேட்டோம். "இல்லை, இங்கேயே வாங்கியிருப்பாள்" என்றார் அவரே. அப்படியானால் அந்த 200 ரூபாவை மிச்சம் என்று எழுதுவது தகாது. எப்படியும் காசு கொடுத்துச் சென்றிருக்கக்கூடிய பயணத்தையே கணக்கில் எடுக்க வேண்டும். சீட்டு இருப்பதாற் பிறந்த பயணம் இன்பமாக இருக்கலாம், சேமிப்பு ஆகாது. அந்த நான்கையும் சேர்த்தாலுங்கூட 25 தானே, முப்பதைத் தொடவில்லை.

இரண்டாவது, "சில்லறைத் தொல்லை இல்லையே" என்பது. இதில் உண்மை உண்டு. மிச்சக் காசு இல்லை என்று நடத்துநர் கையை விரிப்பதைக் கொழும்பில் அறியாதவர் யார்? மாதத்திற் பத்துத் தடவை ஐந்து ரூபா வீதம் விட்டுவிட்டு இறங்கினால் 50 ரூபா நட்டம். இதைப் பருவச்சீட்டின் பக்கம் நேர்மையாக எழுதலாம். ஆனால் 450இல் 50ஐக் கழித்தால் இன்னும் 400 நிற்கிறது.

மூன்றாவது நியாயமே வலுவானது. "அடுத்த மாதங்களில் வேலை நாள் கூடுமே" என்றார். சரியென்று ஜூலை மாதத்தை எடுத்துப் பார்த்தோம். 2025 ஜூலையில் வார நாள்கள் 23, சனிக்கிழமை 4. பத்தாந் திகதி எசல பூரணையைக் கழித்தால் 26 நாள். ஆம், பெரியவரின் இருபத்தாறேதான்! ஐம்பத்திரண்டில் மாமனின் வானில் வரும் நான்கையும் கழித்தால் பஸ் பயணம் 48.

இவ்விடத்தில் ஒரு நுட்பமான விஷயம் உண்டு. மே மாதத்திற் சமநிலையை எட்ட 39இல் 30, அதாவது நான்கில் மூன்று பங்குக்கு மேல், சிவப்பாக இருக்க வேண்டியிருந்தது. ஜூலையில் 48இல் 30, எட்டில் ஐந்து பங்கு போதும். அவளுடைய பழக்கமோ பாதியைச் சற்றே தாண்டியது. அதே விகிதம் நீடித்தால் ஜூலையில் 26 சிவப்புக் கோடு விழும். முப்பதுக்கு இன்னும் நான்கு குறைவு. வாரத்துக்கு ஒரு நாள் அதிகாலையிற் புறப்பட்டு இ.போ.ச. வண்டிக்குக் காத்திருந்தால் அந்நான்கும் கிடைத்துவிடும். ஆனால் கிடைப்பது சமநிலை மாத்திரமே. இலாபம் ஒரு சதமும் இல்லை.

"அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதானே, சீட்டையே வாங்கலாமே" என்றார் பெரியவர். இரண்டும் ஒன்றன்று. பருவச்சீட்டு மாதத் தொடக்கத்திலேயே முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்கிறது. அதன் பின்னர் எதிர்பாராமல் நிகழ்பவை பெரும்பாலும் பயணத்தைக் குறைப்பனவேயன்றிக் கூட்டுவன அல்ல. காய்ச்சல் வரும், லீவு எடுப்போம், திடீரென்று விசேட விடுமுறை அறிவிப்பார்கள், வேலைநிறுத்தம் வரும். ஒற்றைச் சீட்டுக்காரர் அந்நாள்களில் ஒன்றும் இழப்பதில்லை. ஆகையால் எதிர்பார்க்கும் எண் சமநிலை எண்ணுக்கு அருகில் நிற்குமானால் ஒற்றைச் சீட்டே நன்று. ஆறேழு பயணமாவது மேலே நின்றால்தான் பருவச்சீட்டை நம்பி வாங்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

இதைக் கொண்டு பருவச்சீட்டே வீண் என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். அதே வீட்டில் இளையவனுக்கு அது முற்றிலும் பொருந்துகிறது. மாணவர் பருவச்சீட்டின் பெரும் பங்கை அரசாங்கம் தாங்குவதால் பெற்றோர் செலுத்துவது சிறு தொகை. அத்தொகை பத்துப் பயணக் கட்டணத்துக்குச் சமமென்று வைத்தால், ஐந்து பாடசாலை நாளிலேயே அது தீர்ந்துவிடும். அவன் ஏறும் நேரத்தில் வரும் வண்டியும் அனேகமாக இ.போ.ச. வண்டியே. அவன் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நீண்ட பாடசாலை விடுமுறை விழும் மாதத்திற் சீட்டு வாங்குவதற்கு முன் பாடசாலை நாள்களை எண்ண வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் புகையிரதத்திற் செல்வோரின் கணக்கும் வேறு. கரையோரப் பாதையில் இரு வகை வண்டியில்லை. எந்த வண்டி வந்தாலும் சீட்டு செல்லும். எனவே நிறம் பிரிக்கத் தேவையில்லை. புகையிரதத்தில் ஏறாத நாளை மட்டும் எண்ணினாற் போதும். அங்கே பயம் வேறு. 2019 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புகையிரத வேலைநிறுத்தம் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தபோது, கையிற் சீட்டு வைத்திருந்தோரும் பஸ் தேடி ஓடவேண்டியதாயிற்று. வண்டி தாமதிக்கும் மாலைகளில் நாமே பஸ்ஸில் ஏறிவிடுவதும் உண்டு. அந்த மாலைகளையும் நாட்காட்டியிற் குறிக்க வேண்டும்.

சில பெரிய நகரங்களில் இந்த எண்ணும் வேலையைப் பிரயாணிகளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நியூயோர்க்கில் 2022இல் அறிமுகமான முறைப்படி, ஒரே அட்டையைத் தொட்டுச் சென்றால் ஒரு வாரத்திற் பன்னிரண்டு பயணத்துக்கே கட்டணம்; அதற்கு மேற்பட்டவை இலவசம். முன்கூட்டி ஊகித்து வாங்கவேண்டியதில்லை; செய்த பயணத்தை இயந்திரம் எண்ணிக்கொள்ளும். இலண்டனிலும் இத்தகைய வாராந்த வரம்பு உண்டு. அங்கும் வாரத்தில் மூன்று நாள் மட்டும் அலுவலகம் செல்பவருக்கு ஆறு பயணமே ஆகும். அவர் அவ்வரம்பைத் தொடுவதில்லை. ஆயினும் அவருக்கு நட்டமில்லை. செய்த ஆறுக்கு மாத்திரமே கொடுக்கிறார். நமது பருவச்சீட்டிலோ அதே மனிதர் செய்யாத பயணங்களுக்கும் கொடுத்துவிடுகிறார். ஆகவே இங்கே இயந்திரத்தின் வேலையை நாமே ஒரு சிறு நாட்காட்டியிற் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஜூன் மாதத்திலிருந்து அவ்வீட்டில் மகளுக்குப் பருவச்சீட்டு வாங்குவதில்லை. ஆனால் பெரியவர் தம் கடமையை விட்டுவிட்டார் என்று எண்ண வேண்டாம். மாத முடிவில் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, சுவர் நாட்காட்டியில் அடுத்த மாதத்தின் பூரணையையும் விடுமுறைகளையும் குறித்து, மகளின் சிறு நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்து, இம்முறை எது இலாபம் என்று அவரே தீர்மானித்துச் சொல்கிறார். அதன்பின் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டு இளையவனின் சீட்டை வாங்கி வருகிறார். சென்ற முறை நாம் போனபோது, "தம்பி, சிவப்பு முப்பத்தாறைத் தாண்டினால் அவளுக்கும் வாங்குவேன்" என்றார்.